கிட்னி கோளாறும் பழைய அல்சரும் இருப்பவருக்கு ஐபுப்ரோஃபென்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, எடை 68 கிலோ. கிரியேட்டினின் 1.7, இஜிஎஃப்ஆர் 44. பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் எடுக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் அல்சரில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது முழங்கால் வலிக்கு அவராகவே ஐபுப்ரோஃபென் 400 வாங்கி, ஐந்து நாளாக இரண்டு வேளை போடுகிறார். "சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன், கேஸ் மாத்திரையும் போடுகிறேன், ஒன்றும் ஆகாது" என்கிறார். சரியா? இல்லையென்றால் வேறு எதைப் போடலாம்?

பதில்:

சரியில்லை. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஐபுப்ரோஃபெனை மட்டும்தான். பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அதில் என்ன பார்ப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் மருந்தாளுநர், சிறுநீரக வார்டில் பல வருடம் வேலை பார்த்தவன். உங்கள் அப்பா சொல்லும் அதே வார்த்தைகளை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "கூடாது" என்று மட்டும் சொன்னால் அவர் கேட்கமாட்டார். அவர் ஐந்து நாளாகப் போட்டுப் பார்த்து ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் நினைப்பார். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் "சாப்பிட்ட பிறகு" என்ற விஷயம். இந்த மாத்திரை வெறும் வயிற்றில் விழுந்து சுவரை அரிப்பதால்தான் புண் வருகிறது, சோறு இருந்தால் அது தடுத்துவிடும் என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். அதில் உண்மை கொஞ்சம்தான். சாப்பிட்டுப் போட்டால் எரிச்சலும் குமட்டலும் குறையலாம். ஆனால் புண் வருவதற்கான முக்கியக் காரணம் அங்கே இல்லை. மாத்திரை குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, திரும்ப வயிற்றுச் சுவருக்கு ரத்தத்தின் வழியாக வருகிறது. வேலையை அங்கிருந்துதான் செய்கிறது. இதே வகை மருந்தை ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியாக வைத்தாலும் அல்சர் வருவது இதனால்தான்.

என்ன வேலை அது? நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு வகைப் பொருட்கள் உண்டு. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது அவைதான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நேப்ராக்ஸென், மெஃபனமிக் அமிலம், அசெக்ளோஃபினாக் எல்லாம் அந்தப் பொருட்கள் உருவாகாமல் தடுக்கின்றன, அதனால் வலி குறைகிறது. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார், 1982-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். சிக்கல் என்னவென்றால், இதே புரோஸ்டாகிளாண்டின்தான் வயிற்றில் வழவழப்பான சளிப்படலத்தைச் சுரக்க வைக்கிறது, சுவருக்கு ரத்தம் போக வைக்கிறது. முழங்காலில் மட்டும் தடுத்து, வயிற்றில் விட்டுவிடும்படி மாத்திரைக்குச் சொல்ல முடியாது. படலம் மெலிந்ததும், வயிற்றிலேயே சுரக்கும் அமிலம் தன் சொந்தச் சுவரைத் தின்ன ஆரம்பிக்கிறது.

சரி, அப்படியானால் கேஸ் மாத்திரை? ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை அமிலத்தைக் குறைக்கும். அதனால் புண் வரும் வாய்ப்பு உண்மையிலேயே குறைகிறது, அதில் உங்கள் அப்பா சொல்வது முழுத் தவறு இல்லை. ஆனால் குறைகிறது என்பதற்கும் இல்லை என்பதற்கும் தூரம் அதிகம். ஒருமுறை ரத்தம் கசிந்த வயிறு, ஒருபோதும் கசியாத வயிற்றைப் போன்றது அல்ல. மறுபடி கசிவதற்கு மிகப் பெரிய காரணமே முன்பு ஒருமுறை கசிந்திருப்பதுதான். அதோடு இந்த மாத்திரை காப்பாற்றுவது வயிற்றையும் அதை ஒட்டிய முன்சிறுகுடலையும்தான். அதற்குக் கீழே உள்ள குடலுக்கு அது காவல் இல்லை. சிறுநீரகத்துக்குத் துளிகூட இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வலி மாத்திரையால் வரும் அல்சர் பலருக்கு வலிப்பதே இல்லை. வயதானவர்களிடம் இது இன்னும் அதிகம். வலி மாத்திரையே வயிற்று வலியையும் மழுப்பிவிடுகிறது. முதல் அறிகுறியே ரத்தமாக இருக்கக்கூடும். ஆகவே "எரிச்சலே இல்லையே" என்பது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது சிறுநீரகத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை இங்கேதான்.

சிறுநீரகத்தில் லட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். வடிகட்டி வேலை செய்ய வேண்டுமென்றால் உள்ளே அழுத்தம் இருக்க வேண்டும். உள்வரும் குழாய் விரிந்தாலும் அழுத்தம் கூடும், வெளியேறும் குழாய் சுருங்கினாலும் கூடும். நல்ல சிறுநீரகத்துக்கு இதைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. ஆனால் பாதி வடிகட்டிகள் ஏற்கெனவே போய்விட்டவருக்கு, மீதியிருப்பவை முழு மூச்சில் ஓடுகின்றன. அவை ஓடுவதற்கு உள்வரும் குழாயை விரித்துப் பிடித்திருப்பது யார் என்றால், அதே புரோஸ்டாகிளாண்டின். ஐபுப்ரோஃபென் போட்டதும் அந்தப் பிடி விடுகிறது. குழாய் சுருங்குகிறது.

அவர் எடுக்கும் மற்ற இரண்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். டெல்மிசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. தனியாக இருக்கும்போது அது நல்லது, நீண்ட காலத்தில் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே அந்த மருந்துதான். நீர் மாத்திரை உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் வெளியேற்றி, வந்துசேரும் ரத்தத்தின் அளவையே கொஞ்சம் குறைக்கிறது. அதுவும் தனியாகச் சரிதான். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால்? வரத்து குறைவு, உள்ளே வரும் வழி இறுக்கம், வெளியே போகும் வழி தளர்ச்சி. வடிகட்டிக்குள் அழுத்தமே நிற்காது. டெல்மிசார்டன் மட்டும் இல்லை, லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் எதுவாக இருந்தாலும் கதை இதேதான். மருத்துவர்கள் இந்த மூன்று சேர்க்கையை மும்முனைத் தாக்குதல் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தே பேசுவார்கள்.

பொதுவாகச் சொல்லப்படும் எல்லை இது: இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 60-க்குக் கீழே என்றால் இந்த வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுக்கக் கூடாது, 30-க்குக் கீழே என்றால் அறவே கூடாது. உங்கள் அப்பா 44. எண்ணை மட்டும் பார்த்தால் "ஒன்றிரண்டு நாள் போட்டால் என்ன" என்று வாதாட இடமிருப்பது போலத் தோன்றும். ஆனால் டெல்மிசார்டன் வகை மருந்து எடுப்பவருக்கு அந்த இடமும் இல்லை. அல்சர் வரலாறும் சேர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியாகிவிட்டது என்பதே என் கணிப்பு.

நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் இது தெளிவாகும். வயது ஐம்பத்தெட்டு, கிரியேட்டினின் வழக்கமாக 1.4, மருந்துகள் கிட்டத்தட்ட உங்கள் அப்பாவுடையவைதான். எப்போதாவது ஐபுப்ரோஃபென் போட்டுப் பழகியவர், ஒன்றும் ஆனதில்லை. ஒரு முறை காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. உடம்பு வலிக்கு 400 மி.கி. மூன்று வேளை, மூன்று நாள். வழக்கமான பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டே இருந்தார், பாவம், ஒழுங்கானவர்தான். நான்காம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு நாளில் ஒரு முறைதான் சிறுநீர் போனது. இடுப்பிலோ முதுகிலோ வலி எதுவும் கிடையாது. சிறுநீரகம் வலித்துச் சொல்லும் உறுப்பு இல்லை. பரிசோதனையில் கிரியேட்டினின் 3.9, பொட்டாசியம் 6.1. வலி மாத்திரையை நிறுத்தி, மற்ற இரண்டையும் மருத்துவர் தற்காலிகமாக நிறுத்திவைத்து, சலைன் ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள். டயாலிசிஸ் வரை போகவில்லை. பத்து நாளில் 1.6-க்கு வந்தது. கவனியுங்கள், 1.4-க்கு இல்லை.

முன்பெல்லாம் தாங்கிய மாத்திரை இப்போது ஏன் தாங்கவில்லை? உடம்பில் நீர் வற்றியதுதான். வாந்தி, பேதி, சரியாகச் சாப்பிடாமல் குடிக்காமல் கிடக்கும் காய்ச்சல், இந்த நாட்களில் மும்முனைத் தாக்குதல் முழுப் பலத்தோடு வரும். அதனால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "பேதி, வாந்தி வந்தால் டெல்மிசார்டனையும் நீர் மாத்திரையையும் எத்தனை நாள் நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி ஆரம்பிக்க வேண்டும்?" பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். அந்த நாளில் தொலைபேசியில் பிடித்துக் கேட்பது கஷ்டம்.

அப்புறம் வலிக்கு என்ன செய்வது? அவருக்கு முதல் மருந்து பாராசிட்டமால். சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதில் இது கை வைப்பதில்லை, வயிற்றுப் படலத்தையும் மெலிய வைப்பதில்லை. அவருடைய எடைக்கும் சிறுநீரக நிலைக்கும் ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1000 மி.கி. வரை, இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரம், நாளொன்றுக்கு 3000 மி.கி.-க்கு மேல் வேண்டாம். அதாவது 500 மி.கி. மாத்திரை ஆறு. பொதுவாக ஆரோக்கியமானவர்களுக்கு 4000 வரை சொல்வார்கள், இவருக்கு நான் சொல்லமாட்டேன். மது அருந்துபவராகவோ, கல்லீரல் கோளாறு உள்ளவராகவோ, 50 கிலோவுக்குக் குறைந்தவராகவோ இருந்தால் இன்னும் குறைய வேண்டும், அதை மருத்துவர் சொல்லட்டும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் பாராசிட்டமால் வேண்டாம். அதில் ஒரு மாத்திரைக்குச் சுமார் 400 மி.கி. சோடியம் இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு போட்டால், பிரஷருக்கு உப்பைக் குறைத்துக்கொண்டு அவர் படும் பாடெல்லாம் வீண்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் தேய்மான வலிக்குப் பாராசிட்டமால் ஐபுப்ரோஃபென் அளவுக்குக் கேட்காது. "இது வேலைக்காகாது" என்று அவர் மறுபடி பழையதற்கே போவது பெரும்பாலும் இதனால்தான். வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போடாமல், நடக்கப் போவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு போட்டால் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். அதோடு டைக்ளோஃபினாக் ஜெல்லைச் சேர்ப்பது நல்ல யோசனை. தோலில் தடவும்போது ரத்தத்தில் சேருவது மாத்திரையில் சேருவதில் ஏறக்குறைய நூற்றில் ஆறு பங்குதான். ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம், நாளுக்கு மூன்று நான்கு முறை, ஓரிரு வாரம் விடாமல் தடவினால்தான் பலன் தெரியும். ஆனால் இதுவும் அதே குடும்பத்து மருந்து என்பதை மறக்க வேண்டாம். இரண்டு முழங்கால், தோள், இடுப்பு என்று உடம்பெல்லாம் பூசினால் அந்தச் சிறு பங்கு சிறியதாக இருக்காது. பூசிய இடத்தில் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும், இறுக்கிக் கட்டுவதும் உறிஞ்சலைக் கூட்டும். அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். தொடையின் முன்பக்கத் தசைக்குப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொள்வதும் உண்மையான மருத்துவம்தான். அதில் சிறுநீரகத்துக்கு எந்தச் செலவும் இல்லை.

இவை போதவில்லை என்றால் மூட்டுக்குள் ஊசி, அல்லது வேறு வகை மாத்திரைகள் உண்டு. டிரமடால் போன்றவை சிறுநீரகம் மெதுவாக ஓடும்போது உடம்பில் தேங்கும், அளவு மாற வேண்டும், தலைசுற்றிக் கீழே விழும் ஆபத்தும் உண்டு. அதையெல்லாம் நாமாக முயலக் கூடாது.

யாராவது "கோக்ஸிப் வகை போடுங்கள், அது வயிற்றுக்கு நல்லது" என்று சொல்வார்கள். சொல்வதில் வயிற்றுப் பகுதி ஓரளவு சரி. செலிகாக்ஸிப், எட்டோரிகாக்ஸிப் அல்சரைக் குறைவாகவே தரும். சிறுநீரகத்துக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது, அங்கே அவை ஐபுப்ரோஃபெனின் சொந்தத் தம்பிகள்தான். அவருக்கு இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் யாராவது கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். ஐபுப்ரோஃபென் அதோடு சேர்ந்தால் கசிவும் கூடும், ஆஸ்பிரின் ரத்தக்கட்டியைத் தடுப்பதும் கெடும்.

கடையில் வாங்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். அட்டையின் முன்பக்கப் பெரிய எழுத்தைப் படிக்காமல், பின்பக்கச் சிறிய எழுத்தில் உள்ளே என்ன மருந்து என்று போட்டிருப்பதைப் படியுங்கள். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, தலைவலி மாத்திரை என்று வரும் கலவைகளில் ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபினாக்கோ ஒளிந்திருக்கும். பாராசிட்டமால் என்று நினைத்து வாங்கினால் அதோடு அசெக்ளோஃபினாக் சேர்ந்து வந்திருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், தனியாகவும் போட்டால் அந்த 3000 எல்லையைத் தெரியாமலே தாண்டிவிடுவார். கடைக்காரரிடம் "வலிக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்காமல், "கிட்னி பிரச்சினை, அல்சர் வந்திருக்கிறது, பாராசிட்டமால் மட்டும்" என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது அவர் ஏற்கெனவே போட்ட ஐந்து நாளைப் பற்றி. ஐபுப்ரோஃபென் உடம்பில் அதிக நேரம் தங்குவதில்லை, நிறுத்தி ஓரிரு நாளில் வெளியேறிவிடும். சிறுநீரகம் தடுமாறியிருந்தாலும் சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது, காலதாமதம்தான் கெடுக்கும். அதனால் இரண்டு மூன்று நாளுக்குள் கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள். வீட்டில் பிரஷரையும் காலை எடையையும் குறித்து வையுங்கள். இந்த மாத்திரை உப்பையும் நீரையும் தேக்குவதால், சில நாளில் ஒன்றிரண்டு கிலோ கூடியிருந்தாலோ கணுக்கால் வீங்கியிருந்தாலோ அது ஒரு தடயம்.

கிரியேட்டினின் 1.7-இலேயே நின்றால் நல்லது, அடுத்த வழக்கமான பரிசோதனைக்குக் காத்திருக்கலாம். 2.0-ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினாலும் அப்படித்தான். 6-க்கு மேல் என்றால் பேசிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அது இதயத் துடிப்பைக் குலைக்கும். ஹீமோகுளோபின் முந்தைய அளவிலிருந்து ஒன்றிரண்டு குறைந்திருந்தால், மலத்தின் நிறம் மாறாவிட்டாலும் எங்கோ கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பரிசோதனைக்கு முன்பே ஓட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான துர்நாற்றத்தோடு போவது. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தாலும் மலம் கறுக்கும், ஆனால் அது தார் போல ஒட்டாது. சந்தேகம் வந்தால் ரத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரத்தமாகவோ காபித்தூள் கரைத்தது போலவோ வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, திடீரென்று வயிறு பலகை போல இறுகி வலிப்பது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் இரவு பகல் பார்க்க வேண்டாம். போகும்போது அவர் போட்ட ஐபுப்ரோஃபென் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். "வேறு மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா" என்று அங்கே கேட்கும்போது, கடையில் தானாக வாங்கியதை மாத்திரைக் கணக்கில் சேர்க்காமல் "இல்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.